வாட்ஸப்பில் வந்த பின்னல் தாளைப் படிப்பது எப்படி

போன மாதம் என் அண்ணன் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. மஞ்சளேறிய தாள், நடுவே ஆழமான மடிப்பு, ஒரு பக்கம் காப்பிக் கறை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "அத்தை, இதை எப்படிப் பின்னுறது?" மாமியாரின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம். குழந்தைக்கான கம்பளிப் போர்வை. அவளுக்கு நிட் தெரியும், பர்ல் தெரியும், ஒரு மஃப்ளர் பின்னி முடித்திருக்கிறாள். அவ்வளவுதான். தாளைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் கரும்பலகையை அழிக்காமல் போனது போல இருக்கிறது என்றாள்.

அதைச் சேர்ந்து படித்த கதையையே இங்கே வழிகாட்டியாக எழுதுகிறேன். உங்களுக்கு வரும் தாள் வேறாக இருக்கும். படிக்கும் முறை இதேதான்.

முதலில் முழுத் தாளையும் கேளுங்கள்

அவள் அனுப்பியது தாளின் நடுப்பகுதி மட்டும். எல்லோரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். புரியாத இடத்தைத்தான் படமெடுக்கத் தோன்றும். ஆனால் புரிய வைக்கிற விஷயங்கள் மேலேயோ, பின்பக்கத்திலோ இருக்கும். எனக்கு வேண்டியவை நான்கு: பின்னி முடித்த பொருளின் படம், நூலும் ஊசியும் எழுதியிருக்கும் பத்தி, எத்தனை கண்ணிக்கு எவ்வளவு அகலம் என்று சொல்லும் வரி, சுருக்கெழுத்துகளின் பட்டியல். புத்தகமாக இருந்தால் அந்தப் பட்டியல் முதல் சில பக்கங்களில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் பத்துப் படம் அனுப்பினாலும் பிரயோஜனமில்லை.

தாளை ஜன்னலோரம் தட்டையாக விரித்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்கச் சொன்னேன். சாய்த்து எடுத்தால் கட்டங்கள் குறுகி, ஓரத்திலிருக்கும் எண்கள் வெட்டுப்படும். முழுத்தாள் ஒன்று, பிறகு ஒவ்வொரு பத்தியாகக் கிட்டத்தில் ஒன்று.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னி முடித்த ஸ்வெட்டரின் படத்தை மட்டும் அனுப்பி "இதுக்குக் குறிப்பு சொல்லுங்க" என்றால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. டிசைனை ஊகிக்கலாம், அளவை ஊகிக்க முடியாது. அதேபோல, ஒருவர் விலைக்கு விற்கும் குறிப்பைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புவதும் முறையல்ல. வாங்கினவர் சந்தேகம் கேட்பது வேறு.

இது எந்த ஊர்த் தாள்?

சுருக்கெழுத்தைத் தொடும் முன்பு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். முதலாவது, இது இரண்டு ஊசிப் பின்னலா, குரோஷாவா என்பது. `K`, `P`, `tog` என்று இருந்தால் இரண்டு ஊசி. `ch`, `sc`, `dc`, `tr` என்று வந்தால் அது கொக்கி ஊசி வேலை. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

இரண்டாவது, தாள் பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா என்பது. இதைக் கண்டுபிடிக்க அட்டையைத் தேட வேண்டாம், சொற்களே காட்டிக்கொடுக்கும். கடைசியில் கண்ணிகளை மூடுவதற்கு `cast off` என்றிருந்தால் பிரிட்டிஷ், `bind off` என்றிருந்தால் அமெரிக்கா. கண்ணி அடர்த்திக்கு `tension` என்றால் பிரிட்டிஷ், `gauge` என்றால் அமெரிக்கா. எங்கள் தாளில் `cast off`, `tension` இரண்டுமே இருந்தன. நூலுக்கு `wl` என்று போட்டிருந்தார்கள். இது `wool` என்பதன் சுருக்கம். பழைய பிரிட்டிஷ் தாள்களின் அடையாளம்.

எந்த ஊர் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். ஊசி எண்ணைப் பார்த்தால் தெரியும். தாளில் `No. 8 needles` என்றிருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர் ஊசி. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். இன்னும் வேடிக்கை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன: பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலிகிறது, அமெரிக்க எண் ஏற ஏறத் தடிக்கிறது. 10 என்பது பிரிட்டிஷ் கணக்கில் 3.25 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 6 மில்லிமீட்டர். கடையில் "பத்தாம் நம்பர் கொடுங்க" என்று கேட்காமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குவதுதான் என் பழக்கம்.

நூல் அளவு `10 oz` என்றிருந்தது. ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். ஆக 285 கிராம் போல வரும். 50 கிராம் உருண்டையாக ஆறு வாங்கினால் சரியாக இருக்கும்.

எடுப்பும் கொடுப்பும்

இனிமேல்தான் விஷயம். தாளின் மையப்பகுதி இது. மடிப்பும் கறையும் விழுந்த இடங்களில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

```
Cast on 13? sts.
1st row: K.
2nd row: K3, P to last 3 sts, K3.
3rd row: K3, *(K2 tog) 3 times, (wl fwd, K1) ? times,
(K2 tog) 3 times; rep from * to last 3 sts, K3.
4th row: K.
These 4 rows form patt.
```

`Cast on` என்பது ஊசியில் கண்ணி ஏற்றுவது. `st` என்றால் ஒரு கண்ணி, `sts` என்றால் பல. `K` என்பது நிட், `P` என்பது பர்ல். யூட்யூபில் இந்தி வீடியோ பார்த்துப் பழகியவர்களுக்கு இவை சீதா, உல்டா. `K` என்று தனியாக நின்றால் வரிசை முழுக்க நிட். `K3` என்றால் மூன்று கண்ணிகளை ஒவ்வொன்றாக நிட் போட வேண்டும்.

`K2 tog` வேறு. இரண்டு கண்ணிகளுக்குள்ளும் ஊசியை ஒன்றாக விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே நிட்டாகப் போடுவது. புதிய தாள்களில் இது ஒட்டி `k2tog` என்றிருக்கும். `K2` என்பதற்குப் பின்னால் வரும் அந்தச் சின்ன `tog` கண்ணில் படாமல் போவது சகஜம். போனில் பார்க்கும்போது வரி மடிந்து `tog` அடுத்த வரிக்குப் போயிருந்தால் இன்னும் மோசம்.

`wl fwd` என்றால் நூலை முன்னால் கொண்டுவருவது. பிற்காலப் பிரிட்டிஷ் தாள்களில் `yfwd` அல்லது `yf`, இடத்துக்கேற்ப `yrn`, `yon` என்றும் வரும். அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், `yo`. சில பழைய தாள்கள் இதையே `M1` என்று எழுதும். புதிய தாள்களில் `M1` என்பது ஓட்டை விழாமல் கண்ணி கூட்டும் வேறொரு முறை. இங்கேதான் அந்தத் தாளுக்கே உரிய பட்டியல் வேண்டும் என்கிறேன்.

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட எனக்கு உதவியது இன்னொன்று. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு எண் உண்டு: இடது ஊசியிலிருந்து எத்தனை கண்ணி எடுக்கிறது, வலது ஊசிக்கு எத்தனை கொடுக்கிறது.

```
K1      1 -> 1
P1      1 -> 1
K2 tog  2 -> 1
wl fwd  0 -> 1
```

நான்காவதைக் கவனியுங்கள். நூலை முன்னால் கொண்டுவரும்போது இடது ஊசியிலிருந்து எதையும் எடுப்பதில்லை, ஆனால் வலது ஊசியில் ஒரு கண்ணி கூடிவிடுகிறது. லேஸ் வேலையின் ஓட்டை இப்படித்தான் விழுகிறது. `K2 tog` ஒன்றைக் குறைக்கிறது, `wl fwd` ஒன்றைக் கூட்டுகிறது. இரண்டும் சமமாக வந்தால் துணியின் அகலம் மாறாது. வரவும் செலவும் நேராகிற மாதிரி.

கறைக்குள் இருந்த எண்

இப்போது அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். `(wl fwd, K1) ? times`. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 8 என்றாள். எனக்கு 6 மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்து ஆகப்போவதில்லை. கூட்டிப் பார்த்தால் போதும்.

நட்சத்திரக் குறியிலிருந்து `rep from *` வரைக்கும் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்வோம். முதலில் மூன்று முறை `K2 tog`: ஆறு எடுக்கிறது, மூன்று கொடுக்கிறது. கடைசியிலும் அதே மூன்று முறை: இன்னோர் ஆறு எடுப்பு, மூன்று கொடுப்பு. நடுவிலிருக்கும் `(wl fwd, K1)` ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்து இரண்டைக் கொடுக்கிறது.

எட்டு முறை என்று வைத்தால், எடுப்பு 6 + 8 + 6, அதாவது 20. கொடுப்பு 3 + 16 + 3, அதாவது 22. பாத்திக்கு இரண்டு கண்ணி கூடிவிடும். இந்த நான்கு வரிசைகளைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறது தாள். மற்ற மூன்று வரிசைகளில் குறைப்பு எதுவும் கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் போர்வை அகன்றுகொண்டே போகும். எட்டு இல்லை.

ஆறு முறை என்று வைத்தால் எடுப்பு 6 + 6 + 6, பதினெட்டு. கொடுப்பு 3 + 12 + 3, பதினெட்டு. ஆறுதான்.

பாத்திக்குப் பதினெட்டு என்று தெரிந்ததும் மடிப்புக்குள் போன அந்த `13?` தானாக வெளியே வந்துவிட்டது. ஓரத்தில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. மிச்சம் இருப்பது பதினெட்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 130க்கும் 139க்கும் நடுவே அப்படி வருவது ஒன்றே ஒன்று: ஏழு பாத்திக்கு 126, ஓரத்துக்கு 6, மொத்தம் 132.

"அப்போ தாள் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லையா?" என்று கேட்டாள். ஒரு எண் போனால் மீட்கலாம், ஒரு வரியே போனால் முடியாது. கணக்கு சரியாக வந்தாலும் அது டிசைன் சரி என்பதற்கு உத்தரவாதமல்ல; `K2 tog` இருந்த இடத்தில் அதே கணக்குள்ள வேறொரு குறைப்பு இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு தப்பினால், படித்ததில் எங்கோ தப்பு இருக்கிறது என்பது நிச்சயம், அல்லது தாளிலேயே அச்சுப்பிழை. அதுவும் உண்டு.

நட்சத்திரமும் அடைப்புக்குறியும்

`rep from * to last 3 sts` என்றால், நட்சத்திரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்து, இடது ஊசியில் மூன்று கண்ணி மிச்சமிருக்கும்போது நிறுத்த வேண்டும். இரண்டாவது வரிசையின் `P to last 3 sts` என்பதும் அதே மாதிரி: மூன்று மிச்சமாகும்வரை பர்ல். `last` என்றதும் கடைசி மூன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

எண்ணிக்கையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. `(K2 tog) 3 times` என்றால் மொத்தம் மூன்று முறை. ஆனால் `rep from * 3 times` என்றால், ஏற்கெனவே ஒருமுறை போட்டாகிவிட்டது, இன்னும் மூன்று, மொத்தம் நான்கு. `twice more` என்றிருந்தால் மொத்தம் மூன்று. `Rep last 2 rows 5 times` என்பதும் போட்ட இரண்டுக்கு மேல் இன்னும் பத்து வரிசை. சந்தேகம் வந்தால் மறுபடியும் கூட்டிப் பாருங்கள், வரிசையில் இருக்கும் கண்ணிக்குள் எது அடங்குகிறதோ அதுதான் பதில்.

அடைப்புக்குறிக்குள் எண்கள் மட்டும் வரிசையாக இருந்தால் அது திரும்பப் போடுவதல்ல, அளவு. ஸ்வெட்டர் தாளில் `70 (78, 86) sts` என்றோ `70[78:86]` என்றோ இருக்கும். சின்ன அளவுக்கு 70, அடுத்ததற்கு 78, பெரியதற்கு 86. உங்கள் அளவுக்குரிய எண்ணை மட்டும் தாள் முழுக்க பென்சிலால் வட்டமிட்ட பிறகே ஊசியை எடுங்கள். பாதியில் ஒரு இடத்தில் பக்கத்து எண்ணைப் படித்துவிட்டால் கை ஒரு அளவு, உடம்பு ஒரு அளவு ஆகிவிடும்.

அதே டிசைன், இன்னொரு வேஷத்தில்

இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. இந்த முறை கட்டம் போட்ட படம். "பக்கத்து வீட்டக்கா அனுப்புனாங்க. இது ஈஸியா இருக்குமா அத்தை?"

```
4 ••••••••••••••••••
  ///□O□O□O□O□O□O/// 3
2 □□□□□□□□□□□□□□□□□□
  □□□□□□□□□□□□□□□□□□ 1
```

கொஞ்ச நேரம் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. காப்பிக் கறைத் தாளில் இருந்த அதே பாத்தி, ஓரத்து மூன்று கண்ணிகள் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளின் பழைய லேஸ் டிசைன் இது. பல இடங்களில் ஃபெதர் அண்ட் ஃபேன் என்கிறார்கள். ஷெட்லாந்தில் ஓல்ட் ஷேல். கண்ணிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விரிந்தும் போவதால் துணி அலையலையாக வளைகிறது. ஓரமும் வளைந்தே நிற்கும். புதிதாகப் பின்னுபவர்கள் அதைப் பார்த்துத் தப்பு செய்துவிட்டோம் என்று பிரித்துவிடுவார்கள், பிரிக்காதீர்கள்.

கட்டப்படத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும், துணி ஊசியிலிருந்து வளர்வதைப் போலவே. ஒவ்வொரு கட்டமும் வலது ஊசிக்கு வந்து சேரும் ஒரு கண்ணி. அதனால்தான் இரண்டு கண்ணியை எடுக்கும் `k2tog` ஒரே கட்டத்தில் அடங்குகிறது. எதையும் எடுக்காத `yo`வுக்கும் ஒரு கட்டம் உண்டு. கட்டங்களை எண்ணினால் கொடுப்பு தெரியும், எடுப்பு தெரியாது.

திசைதான் அடுத்தது. வரிசை எண் எந்தப் பக்கம் அச்சாகியிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். 1, 3 வலப்பக்கம் இருக்கின்றன. அவை துணியின் முன்பக்கம் நம்மைப் பார்க்கும் வரிசைகள், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 2, 4 இடப்பக்கம். துணியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கம் பார்த்துப் பின்னும் வரிசைகள், இடமிருந்து வலம். சொற்களில் எழுதிய தாளில் இவையே `RS`, `WS` என்று வரும். முதலாவது முன்பக்கம், இரண்டாவது பின்பக்கம். படம் வெட்டுப்பட்டு ஓரத்து எண்கள் காணாமல் போயிருந்தால் திசையே தெரியாது, அதனால்தான் ஓரத்தோடு படமெடுக்கச் சொன்னது.

மூன்றாவது வரிசையை வலப்பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். மூன்று சாய்கோடு: மூன்று `k2tog`. பிறகு `O`, வெற்றுக் கட்டம், `O`, வெற்றுக் கட்டம் என்று ஆறு ஜோடி: `yo, k1` ஆறு முறை. பிறகு மறுபடி மூன்று சாய்கோடு. வார்த்தைக்கு வார்த்தை பழைய தாள்தான். சாய்கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணி முடிந்தபின் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்குமோ, அதே பக்கம்தான் கோடும் சாய்ந்திருக்கிறது. `/` வலப்பக்கம் சாய்கிறது, `k2tog`. வேறு தாள்களில் `\` வந்தால் இடப்பக்கம் சாயும் குறைப்பு, பெரும்பாலும் `ssk`: இரண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக நிட் போடுவது போல வலது ஊசிக்கு நகர்த்தி, பிறகு இடது ஊசியை அவற்றின் முன்பக்கமாக விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே நிட்டாகப் போடுவது.

இப்போது நான்காவது வரிசை. இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள், நானும் ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய தாள் நான்காவது வரிசைக்கு `K` என்கிறது. கட்டப்படத்தில் வரிசை முழுக்கப் புள்ளி. குறிவிளக்கத்தில் புள்ளி என்றால் பர்ல். இரண்டில் எது சரி?

இரண்டும் சரி. நிட் கண்ணியின் பின்பக்கம்தான் பர்ல். ஒரே கண்ணியை முன்னாலிருந்து பார்த்தால் வி மாதிரி, பின்னாலிருந்து பார்த்தால் சின்ன மேடு. கட்டப்படம் எப்போதும் துணியின் முன்பக்கம் எப்படித் தெரியும் என்பதைத்தான் வரைகிறது. நான்காவது வரிசையைப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நிட் போடுகிறோம், ஆகவே முன்பக்கத்தில் மேடு தெரியும். அந்த மேட்டைத்தான் புள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். இதேபோல் இரண்டாவது வரிசையைப் பின்பக்கத்தில் பர்ல் போடுகிறோம், முன்பக்கத்தில் வழவழப்பாகத் தெரியும்; அதனால் வெற்றுக் கட்டம். முழுக் குறிவிளக்கத்தில் பார்த்தால் வெற்றுக் கட்டத்துக்கு எதிரே `k on RS, p on WS` என்றும், புள்ளிக்கு எதிரே `p on RS, k on WS` என்றும் எழுதியிருக்கும்.

குறிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானிய வரைபடங்களில் நிட்டுக்கு நின்ற கோடு, பர்லுக்குப் படுத்த கோடு. அங்கே இதற்கென்றே தேசியத் தரநிலை இருப்பதால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே குறிகள். மற்ற ஊர்களில் அப்படி நம்ப முடியாது. சாம்பல் நிறக் கட்டம் இருந்தால் பெரும்பாலும் அங்கே கண்ணியே இல்லை, தாண்டிப் போக வேண்டும் என்று பொருள். படம் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டிருந்தால் அது நிழலா, சாம்பல் கட்டமா என்று தெரியாமல் போய்விடும். சில வரைபடங்களில் 1, 3, 5 என்று முன்பக்க வரிசைகள் மட்டுமே இருக்கும். பின்பக்க வரிசைகளுக்கு எங்கேயோ ஒரு மூலையில் `purl all WS rows` என்று ஒற்றை வரி கிடக்கும். எண்கள் தாவினால் அந்த வரியைத் தேடுங்கள்.

கையில் எடுத்தபின்

பின்னத் தொடங்கும் முன்பு சின்னத் துண்டு ஒன்று. எங்கள் தாளில் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி என்றிருந்தது. இன்றைய கணக்கில் 10 சென்டிமீட்டருக்கு 22. அதே நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் ஒரு வரிசை பர்ல் என்று ஒரு சாண் உயரம் பின்னச் சொன்னேன். ஓரங்களை விட்டு நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ண வேண்டும். அவளுக்கு 24 வந்தது. கை இறுக்கம். அப்படியே பின்னியிருந்தால், 60 சென்டிமீட்டருக்கு வர வேண்டிய 132 கண்ணி 55 சென்டிமீட்டரில் நின்றிருக்கும். 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறினாள், 22 வந்துவிட்டது. லேஸ் பகுதி இன்னும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். போர்வைக்கு ஐந்து சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லைதான், ஸ்வெட்டராக இருந்தால் போட்டுக்கொள்ள முடியாது.

பிறகு அடையாள வளையம். கடையில் விற்பது வேண்டாம், வேறு நிற நூலில் சின்ன முடிச்சு வளையம் போதும். முதல் மூன்று கண்ணிக்குப் பிறகு ஒன்று, அதன்பின் பதினெட்டுக்கு ஒன்று, மொத்தம் எட்டு. வரிசை வரும்போது வளையத்தை ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது வரிசை முடிந்ததும் ஒவ்வொரு வளையத்துக்கு நடுவிலும் பதினெட்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். 132ஐயும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதினேழு இருந்தால், பெரும்பாலும் ஒரு `wl fwd` விட்டுப்போயிருக்கும். அது எப்படி விட்டுப்போகிறது என்பதை அவள் கையைப் பார்த்தபோது தெரிந்தது. நிட் போடும்போது நூல் பின்னால் இருக்கிறது. அதை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவருகிறாள், சரி. அடுத்தது நிட் என்பதால், பழக்க தோஷத்தில் நூலை மறுபடி ஊசிகளுக்கு நடுவே பின்னால் கொண்டுபோய்விடுகிறாள். போன வழியே திரும்பியாகிவிட்டது, கண்ணி விழவில்லை. நூலை முன்னால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குள் ஊசியை விட வேண்டும். நிட் போடும்போது நூல் தானாக வலது ஊசியின் மேலேறிப் பின்னால் போகும். அந்த ஏறிய நூல்தான் புதுக் கண்ணி. ஊசியில் மற்ற கண்ணிகள் நிற்க, இது மட்டும் கொஞ்சம் சாய்ந்த தளர்வான இழையாகக் கிடக்கும். அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணியாக மதித்துப் பின்ன வேண்டும்.

விட்டுப்போனதற்காக வரிசையைப் பிரிக்க வேண்டியதில்லை. நான்காவது வரிசையில் அந்த இடம் வரும்போது, இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஓடும் படுக்கை நூலை இடது ஊசியின் முனையால் தூக்கிப் போட்டு, அதை நிட் போட்டுவிடலாம். ஓட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். சொன்னால்தான் தெரியும்.

பத்தொன்பது இருந்தால் கதை வேறு, ஒரு `K2 tog` சேராமல் இரண்டு தனித்தனி நிட்டாக விழுந்திருக்கும். வளையத்துக்கு அருகில் இருபுறமும் பாருங்கள், குறைப்புகள் எல்லாம் அங்கேதான். அந்த வளையம் வரை பிரித்து மறுபடி போடுவது நல்லது. அடுத்த வரிசையில் எங்கோ ஒன்றைக் குறைத்துச் சமாளித்தால் எண்ணிக்கை நேராகும், அலை கோணலாகும்.

தாளை அப்படியே பார்த்துப் பின்னாமல், அவள் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். மூன்றாவது வரிசை இப்படி: "3 நிட். வளையம். இரண்டு சேர்த்து, மூன்று தடவை. நூல் முன்னால், 1 நிட், ஆறு தடவை. இரண்டு சேர்த்து, மூன்று தடவை. வளையம். இதே மாதிரி ஏழு பாத்தி. 3 நிட்." பக்கத்தில் வரிசைக்கு ஒரு கோடு கிழிக்க இடம். பாதியில் குக்கர் விசிலடித்து எழுந்து போனாலும், திரும்பி வந்து எந்த வரிசை என்று தேட வேண்டியதில்லை.

கடைசி வரி `ending with a 4th row, cast off loosely`. நான்காவது வரிசை முடிந்த பிறகுதான் மூட வேண்டும், நடுவில் அளவு வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. `loosely` என்று சும்மா எழுதவில்லை. இறுக்கி மூடினால் அலை விரிய இடமில்லாமல் மேல் ஓரம் சுருங்கிக்கொள்ளும், கீழ் ஓரம் மட்டும் வளைந்து நிற்கும். கை இறுக்கமுள்ளவர்கள் மூடும் வரிசைக்கு மட்டும் ஓர் அளவு தடித்த ஊசியை வலது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் 5 மில்லிமீட்டர் எடுத்தாள்.